நாள் கடந்துவிட்டது என்று நீங்கள் மூடிய புகார்: கார்டு வங்கியின் டிஸ்ப்யூட் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

டிஸ்ப்யூட் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். நேரலை வகுப்பு நடத்துவதாகச் சொல்லி முழுக் கட்டணத்தையும் முன்னதாகவே வாங்கிக்கொண்ட ஓர் இணையப் பயிற்சி நிறுவனம், ஒரு வகுப்புகூட நடத்தவில்லை. நீங்கள் கொடுத்த கிரெடிட் கார்டில்தான் பணம் கட்டினேன். அதைத் திரும்பப் பெற்றுத் தரும்படி ஜூன் 2 அன்று உங்களிடம் சார்ஜ்பேக் கேட்டேன், நிறுவனத்தோடு நடந்த கடிதப் போக்குவரத்து முழுவதையும் இணைத்திருந்தேன். நான்கே வரியில் பதில் வந்தது. பணம் கட்டி 120 நாள் தாண்டிவிட்டது, பாடத்தளத்தில் நான் லாகின் செய்திருக்கிறேன், ஆகவே சேவை கிடைத்துவிட்டது, புகார் மூடப்படுகிறது. இரண்டு காரணமும் தவறு. இதே வகுப்புக்குப் பணம் கட்டிய வேறு சிலருக்கும் உங்களிடமிருந்து சொல் மாறாமல் இதே பதில் வந்திருப்பதால்தான், தனிக் கடிதமாக எழுத வேண்டியதைத் திறந்த மடலாக எழுதுகிறேன். கார்டு எண், பரிவர்த்தனை எண் எல்லாம் உங்களுக்குத் தனியே அனுப்பிய பிரதியில் இருக்கின்றன.

முதலில் நாள் கணக்கு. ஜனவரி 10 அன்று பணம் கட்டினேன். ஜூன் 2 வரை எண்ணினால் 143 நாள். இந்த ஒரு கூட்டலோடு உங்கள் பிரிவு நின்றுவிட்டது. கடையில் பொருள் வாங்கிக் கையோடு எடுத்துப் போகும் பரிவர்த்தனைக்கு இந்தக் கணக்கு சரி. இன்று பணம், பின்னொரு நாளில் சேவை என்ற ஏற்பாட்டுக்கு இது பொருந்தாது. என்னுடையது விசா கார்டு. சேவை கிடைக்கவில்லை என்ற புகாருக்கு விசா விதிகளில் 13.1 என்று எண். அந்தப் பிரிவில் 120 நாளை, சேவை கிடைக்கும் என்று வாடிக்கையாளர் எதிர்பார்த்த கடைசி நாளிலிருந்து எண்ணலாம். ஒரே நிபந்தனை, பரிவர்த்தனை நடந்து மொத்தம் 540 நாளைத் தாண்டக் கூடாது. மாஸ்டர்கார்டு வைத்திருக்கும் மற்றவர்களின் புகார் 4853 என்ற எண்ணில் வரும். அங்கேயும் முன்பணம் கட்டிய சேவைக்கு இதே மாதிரிதான் எண்ணுகிறார்கள். விமான டிக்கெட், கச்சேரி நுழைவுச்சீட்டு, பயிற்சி வகுப்பு எல்லாம் மாதக்கணக்கில் முன்னதாக விற்கப்படுபவை என்பது தெரிந்துதான் இந்த விதி எழுதப்பட்டிருக்கிறது. இல்லாவிட்டால் விற்பவர் தொடக்க நாளை ஐந்து மாதம் தள்ளி வைத்தால் போதும், யாரும் புகாரே கொடுக்க முடியாது.

சரி, எதிர்பார்த்த நாள் எது? இணைப்பு 1, பணம் கட்டிய அன்றே வந்த ரசீது மின்னஞ்சல். அதில் வகுப்பின் பெயருக்குக் கீழே 'நேரலை, வார இறுதி, 24 வகுப்புகள், தொடக்கம் மார்ச் 1' என்று ஒரே வரியில் இருக்கிறது. இந்த வழக்கே அந்த ஒரு வரிதான். இணைப்பு 2-இல் ஆசிரியர் கிடைக்கவில்லை என்று சொல்லித் தொடக்கத்தை ஏப்ரல் 5-க்குத் தள்ளினார்கள். இணைப்பு 3-இல் காரணம் எதுவும் சொல்லாமல் மே 10 என்றார்கள். மே 10 அன்று வகுப்புக்குள் நுழைவதற்கான லிங்க் வரவில்லை. மே 12 அன்று நான் பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதியதற்கு, வேறொரு பதிவு செய்யப்பட்ட வகுப்பில் சேர்ந்துகொள்ளலாம், பணம் தர முடியாது என்று பதில் வந்தது. இவை இணைப்பு 4, 5. மாற்று வகுப்பு வேண்டாம் என்று நான் எழுத்தில் மறுத்தது இணைப்பு 6.

மே 10-இலிருந்து எண்ணினால் நான் 23-ஆம் நாளில் உங்களிடம் வந்திருக்கிறேன். நிறுவனம் தானாகத் தள்ளிவைத்த தேதிகளை ஏற்க மாட்டோம், முதலில் சொன்ன தேதிதான் கணக்கு என்று நீங்கள் கறாராக நின்றாலும், மார்ச் 1-இலிருந்து ஜூன் 2 வரை 93 நாள்தான். எந்தத் தேதியை எடுத்தாலும் கெடுவுக்குள் இருக்கிறேன். ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, அது உங்கள் கையில் இருக்கிறது. 120 நாள் என்பது வாடிக்கையாளர் உங்களிடம் புகார் சொல்லும் நாளுக்கான கெடு அல்ல. நீங்கள் அதை விசா வழியாக எதிர்த்தரப்பு வங்கிக்கு, அதாவது பயிற்சி நிறுவனத்தின் வங்கிக்கு, அனுப்பும் நாளுக்கான கெடு. மார்ச் 1-இலிருந்து 120-ஆம் நாள் ஜூன் 29. அதற்குள் அனுப்பிவிட்டால் எந்தத் தேதி சரி என்ற வாதமே எழாது. என் விண்ணப்பத்தை உங்கள் மேசையில் வைத்துக்கொண்டு அந்த நாளைத் தாண்டவிட்டால், மே 10-ஐ ஏற்பதா வேண்டாமா என்று எதிர்த்தரப்பு வீண் சண்டை போட நீங்களே இடம் கொடுத்தவர்கள் ஆவீர்கள்.

அடுத்தது லாகின். இதை நீங்கள் எங்கிருந்து எடுத்தீர்கள் என்று பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. நிறுவனத்திடம் நீங்கள் எதுவும் கேட்கவில்லை. நான் இணைத்த ஐந்தாவது மின்னஞ்சலில், 'நீங்கள் தளத்துக்குள் நுழைந்திருப்பது எங்கள் பதிவில் உள்ளது' என்று அவர்கள் எழுதிய வாக்கியத்தை எடுத்து எனக்கே பதிலாக அனுப்பியிருக்கிறீர்கள். நுழைந்தேன்தான். நுழைந்தால் என்ன தெரிகிறது என்பது இணைப்பு 7-இல் உள்ள ஸ்கிரீன்ஷாட்டில் இருக்கிறது. மேலே என் பெயர். நடுவில் வரவேற்புக் காணொளி ஒன்று. அதில் நிறுவனர் வணக்கம் சொல்லி, தேதி விரைவில் அறிவிக்கப்படும் என்கிறார். கீழே ஆறு பாடப் பகுதிகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் பூட்டுப் படம். சொடுக்கினால் 'விரைவில்' என்று வருகிறது. பக்க முகவரியும் எடுத்த தேதியும் தெரியும்படி முழுத் திரையாக எடுத்திருக்கிறேன், ஏனென்றால் ஓரம் வெட்டிய படத்தை யாரும் சந்தேகிக்கலாம். பந்தியில் இலை போட்டதைச் சாப்பாடு போட்டதாகக் கணக்கு எழுத முடியாது.

மின்னணுப் பொருள் விற்பவர்கள் சார்ஜ்பேக்கை எதிர்க்கும்போது லாகின் நேரம், ஐபி முகவரி, பதிவிறக்கப் பதிவு ஆகியவற்றைக் காட்டுவது வழக்கம். மென்பொருளோ மின்நூலோ விற்றிருந்தால் அவை நல்ல ஆதாரம்தான், உள்ளே நுழைந்தவர் கையில் பொருள் வந்துவிடுகிறது. நேரலை வகுப்பு விற்றவருக்கு அது போதாது. வகுப்பு நடந்திருந்தால் அதற்கு வேறு தடயங்கள் இருக்கும்: வகுப்பு நடந்த தேதியும் நேரமும், அதில் கலந்துகொண்டவர்களின் பட்டியல், ஒளிப்பதிவு, மாணவர்களுக்கு முன்கூட்டியே அனுப்பிய கூட்ட இணைப்பு. நிறுவனம் பதில் அனுப்பும்போது இந்த நான்கில் ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். என் கணக்கு உருவான நேரத்தையும் நான் நுழைந்த நேரத்தையும் மட்டும் அட்டவணையாகப் போட்டு அனுப்பினால், பதில் வந்துவிட்டது என்பதற்காகவே புகாரை மூடிவிடாதீர்கள்.

இன்னொன்றையும் அனுப்புவார்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். அவர்களுடைய விதிமுறைப் பக்கத்தில் 'கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது' என்று இருக்கிறது. அது மனம் மாறி விலகுகிறவருக்கான விதி. அப்படி விலகியவரின் டிஸ்ப்யூட் வேறு எண்ணில் வரும், அங்கே விற்பவரின் ரத்து விதிமுறை பேசும். நான் எதையும் ரத்து செய்யவில்லை. மார்ச் 1 காலையிலும் மே 10 காலையிலும் வகுப்புக்காகக் காத்திருந்தவன் நான். ஆகவே விண்ணப்பத்தை ரத்து என்ற வகையில் போட்டுவிடாமல், சேவை கிடைக்கவில்லை என்ற வகையிலேயே அனுப்புங்கள். வகை மாறினால் கேட்கப்படும் கேள்வி மாறிவிடும், எதிர்த்தரப்புக்கு இல்லாத பதில் கிடைத்துவிடும். அப்புறம், விற்பனைப் பக்கத்தை இப்போது போய்ப் பார்த்தால் 'உங்கள் நேரத்தில் நீங்களே கற்கலாம்' என்று மாற்றியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தின் நகலும் ஆதாரம் என்ற பெயரில் வரலாம். ரசீதின் தேதியையும் அந்த நகலின் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

உங்கள் தொலைபேசி உதவி மையத்தில் ஒருவர் நல்லெண்ணத்தோடு ஒரு குறுக்குவழி சொன்னார். இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவே இல்லை என்று எழுதிக் கொடுத்தால் மோசடிப் பிரிவுக்குப் போகும், சீக்கிரம் முடியும் என்றார். மறுத்துவிட்டேன். அது பொய் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். ஓடிபி போட்டு நானே உறுதி செய்த பரிவர்த்தனை அது. மோசடிப் புகாராகப் போனால் அந்த ஓடிபி பதிவைக் காட்டியே முதல் சுற்றில் தள்ளுபடி செய்துவிடுவார்கள். அதன் பிறகு உண்மையான காரணத்தோடு திரும்பி வந்தால் என் சொல்லை யார் நம்புவார்கள்? இப்படி யோசனை சொல்ல வேண்டாம் என்று உங்கள் ஊழியர்களிடம் சொல்லுங்கள். அந்த யோசனையைக் கேட்டு நடந்த ஒருவர் எங்களில் இருக்கிறார், அவருடைய புகார் அப்படியே விழுந்தது.

நான் விண்ணப்பித்த பிறகு நிறுவனத்திடமிருந்து இன்னொரு மின்னஞ்சல் வந்தது. அது புதிதாகச் சேர்க்கும் இணைப்பு 8. வங்கியில் கொடுத்த புகாரை முதலில் திரும்பப் பெறுங்கள், பிறகு பணத்தைத் திருப்பி அனுப்பும் வேலையைத் தொடங்குகிறோம் என்கிறார்கள். எத்தனை நாளில் என்று சொல்லவில்லை. புகாரைத் திரும்பப் பெற்றுக் கெடுவும் கடந்துவிட்டால் எனக்கு வேறு வழி இல்லை என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பணம் என் கார்டுக் கணக்கில் வரவாகட்டும், அன்றே நானே உங்களுக்கு எழுதிப் புகாரை முடித்துவிடுகிறேன் என்று பதில் போட்டேன். இதுவரை சத்தம் இல்லை. ஆனாலும் இந்த மின்னஞ்சலைக் கவனமாகப் படியுங்கள். வகுப்பு நடத்தினோம் என்று அதில் ஓரிடத்திலும் அவர்கள் சொல்லவில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். மூடிய புகாரைத் திறந்து, 13.1-இன் கீழ், சேவை கிடைக்க வேண்டிய நாள் மார்ச் 1, பிறகு மே 10 வரை தள்ளிவைக்கப்பட்டது என்று குறித்து, எட்டு இணைப்புகளோடும் ஜூன் 29-க்குள் எதிர்த்தரப்பு வங்கிக்கு அனுப்புங்கள். நிறுவனம் எதிர்த்தால் அவர்கள் தரும் ஆவணங்களை எனக்கும் அனுப்பி, பதில் சொல்ல அவகாசம் கொடுங்கள். தற்காலிக வரவு கொடுப்பது உங்கள் விருப்பம், நான் வற்புறுத்தவில்லை. மறுபடியும் மறுப்பதென்றால் 120 நாளை எந்தத் தேதியிலிருந்து எண்ணினீர்கள், எந்த விதிப்படி எண்ணினீர்கள் என்று எழுத்தில் தெரிவியுங்கள். அந்தப் பதிலோடுதான் நான் உங்கள் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக முடியும்.

இப்படிக்கு,
உங்கள் வங்கியின் கார்டுதாரர்