சிங்க்குக்கு அடியில் ஓர் அலாரம்: நிர்வாகக் குழுவுக்குத் திறந்த மடல்

குடியிருப்போர் சங்க நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். எங்கள் வீட்டு சீலிங் கதை உங்களுக்குத் தெரியும். இரண்டு முறை வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனீர்கள். அதனால் நேராகவே கேட்கிறேன். ஒவ்வொரு வீட்டு சிங்க்குக்கு அடியிலும், பொதுத் தொட்டிகளின் மோட்டார் அறையிலும் நீர்க்கசிவு அலாரம் வைக்க, வரும் பொதுக்குழுவில் தீர்மானம் போடுங்கள்.

முதலில் உள்ளங்கை அகலத்தில் ஒரு மஞ்சள் கறை. "பழைய ஈரமா இருக்கும் சார்" என்றீர்கள். பிறகு ஒரு நாள் விளக்கின் மூடிக்குள்ளேயே தண்ணீர் நின்றது. பயந்துபோய் அந்த அறைக்கு வரும் மின்சாரத்தை மெயினிலேயே அணைத்தோம். 18 இரவுகள், எண்பது வயது அம்மா டார்ச்சைப் பிடித்துக்கொண்டு சுவரைத் தடவித் தடவி கழிவறைக்குப் போய்வந்தார். இதற்கிடையில் நீங்கள் அனுப்பிய ப்ளம்பர் எங்கள் குளியலறை டைல்ஸை உடைத்துப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. பூட்டியிருந்த மேல்வீட்டுக்காரர்கள் திரும்பி வந்து சிங்க் அலமாரியைத் திறந்தபோதுதான் தெரிந்தது: ஆங்கிள் வால்வில் மாட்டிய கனெக்‌ஷன் பைப்பின் வாஷர் தேய்ந்து, நொடிக்கொரு சொட்டு. ஊறிய அடிப்பலகையில் விரல் வைத்தால் உள்ளே போனது.

நொடிக்கொரு சொட்டு என்றால் நாளைக்கு 86,400 சொட்டு. 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்று கணக்கிட்டாலும் நான்கு லிட்டருக்கு மேல். யார் கண்ணிலும் படாத நான்கு லிட்டர், தினமும்.

நான் கேட்கும் அலாரம் கைக்குள் அடங்கும் ஒரு டப்பாதான். அடியில் இரண்டு உலோக முனைகள். தண்ணீர் இரண்டையும் தொட்டதும் கத்தும். அலமாரியில் வால்வுக்கு நேர் கீழே, தாழ்வான மூலையில் அது இருந்திருந்தால் கசிவின் முதல் சில மணி நேரத்திலேயே கத்தியிருக்கும். பூட்டிய வீட்டில் கத்தி யாருக்குக் கேட்கும் என்பீர்கள். நியாயம்தான். அதற்கு ஃபோனுக்குத் தகவல் அனுப்பும் வகை இருக்கிறது. அது வேண்டாம் என்பவர்கள் ஊருக்குப் போகும்போது வீட்டு மெயின் வால்வை மூடிவிட்டுப் போகட்டும். குழாயை ஒட்டியே வழிந்து சுவருக்குள் இறங்கும் தண்ணீரை இந்த டப்பா பிடிக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். தொட்டிக்கு வைப்பதை மொட்டை மாடியில் திறந்தவெளியில் வைத்துவிடாதீர்கள், மழைக்கெல்லாம் கத்தும். மோட்டார் அறைத் தரையில் வைத்து, சத்தம் காவலாளி மேசையில் கேட்கும்படி வயர் இழுத்தால் போதும். மாதம் ஒரு முறை ஈரத்துணியால் தொட்டு, கத்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

லிஃப்ட்டுக்குள் கண்ணாடி வட்டமா சதுரமா என்று மூன்று கூட்டம் போட்ட குழு இது. அந்தக் கண்ணாடியில் தலை சீவிக்கொண்டுதான் புகார் கொடுக்க வந்தேன். "ரெண்டு வீட்டுப் பிரச்சினை, நீங்களே பேசிக்குங்க" என்று பதில் வந்தது. ஆளில்லாத வீட்டோடு எப்படிப் பேசுவது?

கோபத்தில் கூடுதலாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். சிங்க்குக்கு அடியில் ஒன்று, மோட்டார் அறையில் ஒன்று. என் கோரிக்கை அவ்வளவுதான். பொதுக்குழு நிகழ்ச்சி நிரலில் சேர்த்துவிட்டீர்களா என்று தயவுசெய்து ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
இரண்டாம் மாடிக் குடித்தனக்காரர்