மனப்பாடம் செய்த பிள்ளைக்குப் பூஜ்யம் போடாதீர்கள்

தமிழ் வழிப் பள்ளிகளில் ஆங்கிலம் நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நானும் பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறவன்தான். இப்போது நம்மில் சிலர் பிள்ளைகளின் கட்டுரையைப் போனில் படம் பிடித்து, ஏஐ எழுதியதா என்று செயலியில் பார்க்கிறோம். ஆமாம் என்று வந்தால் பூஜ்யம்.

அந்தச் செயலிகளில் பல, அடுத்த சொல்லை எவ்வளவு சுலபமாக ஊகிக்க முடிகிறது என்பதைத்தான் அளக்கின்றன. கைடு விடையும் அப்படி ஊகிக்கக்கூடிய எழுத்துதானே? 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் எழுதிய 91 டோஃபல் ஆங்கிலத் தேர்வுக் கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். மனிதர்கள் எழுதிய அவற்றில் சராசரியாக 61 சதவீதத்தை அவை இயந்திரம் எழுதியது என்றன.

என் வகுப்பு மாணவி ஒருத்தி 'ஹிஸ் ஃபர்ஸ்ட் ஃப்ளைட்' பாடத்துக்கு எழுதிய பத்தியும் இப்படித்தான் மாட்டியது. தாளை மறுபடி படித்தேன். கடற்பறவைக் குஞ்சின் பசியைச் சொல்லிக்கொண்டிருந்தவள் திடீரென்று கடலில் மிதப்பதற்குத் தாவியிருந்தாள். நோட்ஸை எடுத்துப் பார்த்தால் இரண்டு வாக்கியங்களும் 'தி யங் சீகல்' என்றே தொடங்குகின்றன. நடுவில் நான்கு வரி நினைவிலிருந்து நழுவிவிட்டது. நோட்ஸில் இருந்த அச்சுப்பிழையும் அப்படியே இருந்தது. அதே பிழை இன்னும் மூன்று தாள்களில்.

ஆனால் தாளை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. போனைப் பார்த்து எழுதுகிறவர்களுக்கும் வரி தாவும். அதனால் அவளைக் கூப்பிட்டுத் தமிழிலேயே கேட்டேன்: "அம்மாப் பறவை மீனை ஏன் எட்டாத தூரத்திலேயே வச்சிருந்துச்சு?"

"பசிச்சா தானா பறந்து வரும்னுதான் சார்."

கதை அவளுக்குள் இருந்தது, அதைச் சொல்ல ஆங்கிலம்தான் இல்லை. சரி, இதையே எழுது என்றேன். 'மதர் நோ கிவ் ஃபிஷ். ஹி ஹங்கரி, சோ ஃப்ளை' என்று எழுதினாள். அந்த நோட்டில் அவளே யோசித்து எழுதிய முதல் ஆங்கில வாக்கியங்கள் அவை. அடுத்த வகுப்பில் 'டிட் நாட் கிவ்' என்பதை அதிலிருந்தே சொல்லிக்கொடுக்க முடிந்தது. கைடு பத்தியில் திருத்த எதுவும் இல்லை, அதனால் அதை வைத்து எதையும் கற்றுத்தரவும் முடியாது.

தேர்ச்சி விகிதத்துக்காக, எல்லாப் பாடலுக்கும் பொருந்தும் ஒரே பத்தியைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது நாம்தான். அதை ஒப்பித்ததற்காக அவர்களைக் குற்றவாளி ஆக்குவது நியாயமில்லை. பொதுத்தேர்வின் விடைக்குறிப்பு நம் கையில் இல்லை. அலகுத் தேர்வு நம் கையில்தான் இருக்கிறது. அதில் ஐந்து மதிப்பெண் பத்திக்கு மூன்றை வைத்துக்கொண்டு, மீதி இரண்டை நோட்ஸில் இல்லாத ஒரு கேள்விக்கு ஒதுக்குங்கள். இரண்டு வாக்கியம் போதும். இலக்கணம் உடைந்திருந்தாலும் பொருள் புரிந்தால் முழு மதிப்பெண் கொடுங்கள். அந்தச் செயலியைத் தயவுசெய்து போனிலிருந்து நீக்கிவிடுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒரு ஆசிரியன்