மூட்டையில் அச்சிட்ட "8 சதுர மீட்டர்" கணக்கால் தேய்ந்துபோன பட்டறைத் தளம்: புகார்

அனுப்புநர்:
படகு எஞ்சின் பட்டறை உரிமையாளர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
தரை ஹார்டனர் தயாரிப்பு நிறுவனம்.

பொருள்: ஹார்டனர் தூள் மூட்டையில் பயன்பாட்டு அளவு தவறாக அச்சிடப்பட்டிருப்பது குறித்து.

ஐயா,

விசைப்படகு எஞ்சின்களைப் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றைக் கடற்கரையில் நடத்தி வருகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக் காலத்தில்தான் எங்களுக்கு வேலை குவியும். அதற்கு முன்பே தளம் தயாராக வேண்டும் என்று தை மாதத்திலேயே 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலத்தில் புதிய கான்கிரீட் தளம் போட்டேன். அது தேயாமல் இருக்க மேலே தூவுவதற்கு உங்கள் குவார்ட்ஸ் ஹார்டனர் தூளை வாங்கினேன். இரும்புத்தூள் கலந்த வகையையும் உங்கள் விற்பனையாளர் காட்டினார். உப்புக் காற்றும் ஈரமும் விடாத ஊரில் இரும்பு துருவேறித் தரையில் கறை படியும் என்பதால் அதை நான் ஏற்கவில்லை.

25 கிலோ மூட்டையின் முன்பக்கத்தில் "ஒரு மூட்டை 8 சதுர மீட்டருக்குப் போதும்" என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. எந்த வகைத் தரைக்கு என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. என் தளம் 96 சதுர மீட்டர் என்றதும் உங்கள் விற்பனையாளர் அதே கணக்கில் 12 மூட்டைகள் அனுப்பினார். சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 3 கிலோ. மூன்று மாதம் கழித்துத்தான் உங்கள் தொழில்நுட்பக் குறிப்பேடு என் கைக்கு வந்தது. லேசான நடமாட்டத்துக்கு 3 கிலோ, பட்டறை போன்ற நடுத்தரத் தேய்மானத்துக்கு 5 கிலோ, இரும்புச் சக்கரம் உருளும் கனரகத் தரைக்கு 7 கிலோ என்று அதில் நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அதன்படி எனக்குக் குறைந்தது 480 கிலோ, அதாவது 20 மூட்டைகள் வேண்டியிருந்தன. ஒரு பட்டறையில் ஒரு மூட்டை 5 சதுர மீட்டருக்குத்தான் வரும், 8-க்கு வராது.

தளம் போட்ட விதத்தைச் சொல்லிவிடுகிறேன். குறையைக் கொத்தனார் மேல் தள்ளிவிடக் கூடாது. இங்கே கிணற்று நீர் உவர்ப்பு என்பதால் கலவைக்கு நல்ல தண்ணீரை லாரியில் வாங்கினோம். கான்கிரீட் மட்டம் செய்து, மேலே கசிந்த நீர் வற்றி, ஏறி நின்றால் கால் தடம் 3 முதல் 5 மில்லிமீட்டர் ஆழம் பதியும் பதம் வரும்வரை காத்திருந்தோம். தூளில் மூன்றில் இரண்டு பங்கை முதலில் தூவினோம். கீழிருந்து ஈரம் ஏறித் தூள் கறுத்த பிறகே, பரப்பைத் தேய்த்து அழுத்தும் இயந்திர மிதவையை ஓட்டினோம். மிச்சத்தைக் குறுக்கு வாட்டில் தூவி மறுபடியும் மிதவை ஓட்டினோம். தூள் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தெளிக்கவில்லை. கடைசி மெழுகலுக்குப் பிறகு ஏழு நாள் ஈரச் சாக்கு போட்டு மூடி வைத்தோம்.

தற்செயலாக ஒரு காரியம் நடந்ததால்தான் பிழை எங்கே என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. வாசலை ஒட்டி, செயின் பிளாக்கில் எஞ்சினை இறக்கும் 5 மீட்டருக்கு 3 மீட்டர் பகுதி அதிகம் அடி வாங்கும் என்று மேஸ்திரி அங்கே மட்டும் 3 மூட்டைகளைத் தூவினார். 75 கிலோ, 15 சதுர மீட்டர். சரியாக 5 கிலோ. மீதி 81 சதுர மீட்டருக்கு 9 மூட்டைகள் கிடைத்தன, 2.8 கிலோ. சமமாகத் தூவியிருந்தாலும் 3.1 கிலோதான் ஆகியிருக்கும். ஒரே கலவை, ஒரே ஆட்கள், ஒரே நாள். தூளின் அளவு மட்டும்தான் வேறு.

தடைக் காலம் முடியும்போது வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. வாசல் பகுதியில் ஆணியால் கீறினால் உலோகக் கோடுதான் விழுகிறது, தரை அசையவில்லை. உள்ளே, எஞ்சின் வைத்த தள்ளுவண்டியின் சக்கரங்கள் ஓடிய தடத்தில் மேல்தோல் போய் ஜல்லி தெரிகிறது. பெருக்கினால் ஒவ்வொரு நாளும் வெள்ளைத் தூசி. பிரித்து வைத்த பம்புகளுக்குள்ளும் அந்தத் தூசி போய்ச் சேர்கிறது, அதுதான் எனக்குப் பெரிய இடி. வைஸ் மேசைக்கு போல்ட் குழி போட்டபோது இரண்டு இடத்தின் விளிம்பையும் அளந்து பார்த்தேன். அடர் சாம்பல் நிறத் தோல் வாசலில் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர், உள்ளே ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருந்தது.

தேய்ந்த இடத்தில் சுத்தியலால் தட்டினால் ஓசை கெட்டியாகவே வருகிறது. தோல் ஒட்டாமல் பெயர்ந்திருந்தால் வெற்றொலி கேட்கும். ஆக, இது ஒட்டாத குறை அல்ல, போதாத குறை. வடக்கு ஓரத்தில் ஒரு முழ அகலத்துக்கு மட்டும் வெற்றொலி கேட்கிறது. அன்று வாடைக் காற்று அந்த ஓரத்தை முந்தி உலர்த்திவிட்டது. நாங்கள் மறைப்புக் கட்டத் தவறியது எங்கள் பிழை. அதற்கு உங்களிடம் ஒரு பைசாவும் கேட்கவில்லை.

உங்கள் பிரதிநிதி தொலைபேசியில், "மேலும் கொஞ்சம் தூள் வாங்கித் தூவிவிடுங்கள்" என்றார். இந்தப் பதில்தான் என்னை மிகவும் வருத்தியது. இந்தத் தூள் பச்சைக் கான்கிரீட்டின் ஈரத்தைக் குடித்து அதோடு சேர்ந்து இறுகுகிற பொருள். இறுகிய தளத்தில் தூவினால் அது பொடியாகவே கிடக்கும். அன்று குறைந்த 2 கிலோவைப் பிறகு எந்த நாளிலும் சேர்க்க முடியாது. இதை விற்கிறவர் அறியாதிருப்பது சரியல்ல. இனி தேய்ந்த பரப்பை அரைத்துச் சுரண்டி, புதிய மேல்தளத்தை ஒட்டுப்பூச்சோடு போட வேண்டும். அதற்கு எஞ்சின்களை வெளியேற்றிப் பட்டறையை மூட வேண்டும்.

வடக்கு ஓரத்தைக் கழித்து, தேய்ந்த மீதிப் பரப்பை அரைத்து மேல்தளம் போடும் செலவை உங்கள் நிறுவனம் ஏற்க வேண்டும். அதற்கு முன் உங்கள் பொறியாளர் ஒருவர் நேரில் வந்து, வாசல் பகுதியையும் உள்பகுதியையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். போல்ட் குழிகளை அடைக்காமல் வைத்திருக்கிறேன்.

மூட்டையில் அந்த ஒற்றை வரியை எடுத்துவிட்டு, எந்தத் தரைக்கு எத்தனை கிலோ, எத்தனை சதுர மீட்டர் என்று தமிழில் அச்சிடுங்கள். தளத்தில் இரண்டரை மீட்டருக்கு 2 மீட்டர் கட்டமாக நூல் கட்டி, கட்டத்துக்கு ஒரு மூட்டை என்று வைத்துவிட்டால் 5 கிலோ கணக்கு எந்தக் கொத்தனாருக்கும் தப்பாது. அதையும் ஒரு படமாகப் போடலாம். 5 கிலோ போதும் என்கிற இடத்தில் அளவுக்கு மிஞ்சிக் கொட்டினால் அடித்தூளுக்கு ஈரம் எட்டாமல் தோல் உரியும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாம்பன், தொண்டி, கீழக்கரை என்று இந்தக் கரை நெடுகப் பட்டறை போடுகிறவர்கள் மூட்டையைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். குறிப்பேட்டை யாரும் கேட்டு வாங்குவதில்லை.

இந்தப் பட்டறை என் பிழைப்புக்காக நானே உழைத்து நடத்துவது. 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். ரசீது, மூட்டையின் முன்பக்கப் படம், தளத்தின் இரு பகுதிகளின் படங்கள் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். காலி மூட்டைகள் பன்னிரண்டும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர்,
மண்டபம்.