கைக்கு வராத பன்னிரண்டாயிரம்: ஓய்வூதியப் பட்டியல் வழங்கும் அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு வணக்கம்.

நான் சென்னையில் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் பகுதியில் உள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் பலர் ஆண்டுதோறும் ஜூன், ஜூலை மாதங்களில் தங்கள் ஓய்வூதியப் பட்டியலையும் வங்கிப் பாஸ்புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வருவார்கள். அப்படி வந்த ஒருவரின் கணக்கைத் தங்கள் முன் வைத்து, பட்டியலில் ஒரே ஒரு வரியை இடம் மாற்றித் தரும்படி கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பெரம்பூரில் வசிக்கும் அந்தத் தமிழாசிரியை 2022ஆம் ஆண்டு ஓய்வு பெற்றவர். அவருடைய முழு அடிப்படை ஓய்வூதியம் 36,000 ரூபாய். அதில் மூன்றில் ஒரு பங்கான மாதம் 12,000 ரூபாயை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடான மொத்தத் தொகையை அவர் ஓய்வு பெற்றபோதே கம்யூட்டேஷனாக முன்கூட்டியே பெற்றுக்கொண்டார். ஆகவே மாதந்தோறும் அவருக்கு உரிய அடிப்படை ஓய்வூதியம் 24,000 ரூபாய்தான். ஆனால் அகவிலைப்படி மட்டும் குறைந்த தொகைக்கு அல்லாமல், முழு 36,000 ரூபாய்க்கும் கணக்கிடப்படுகிறது. 2024-25 நிதியாண்டில் முதலில் 50 சதவீதமாக, அதாவது 18,000 ரூபாயாக இருந்த அகவிலைப்படி, 2024 ஜூலை முதல் 53 சதவீதமாகி 19,080 ரூபாயாயிற்று. இவற்றோடு மருத்துவப்படி 300 ரூபாய்.

மாதப் பட்டியலில் இவை எப்படி அமைந்திருந்தன என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. இடப்பக்கம் 36,000, அகவிலைப்படி, மருத்துவப்படி ஆகியவற்றைக் கூட்டி ‘மொத்தம்’ என்று போட்டிருந்தது. வலப்பக்கத்தில் பிடித்தங்கள் என்ற தலைப்பின் கீழ், கம்யூட்டேஷன் 12,000, மருத்துவக் காப்பீடு 497, குடும்பப் பாதுகாப்பு நிதி 150 ஆகிய மூன்றும் ஒன்றன் கீழ் ஒன்றாக ஒரே தன்மையுடையவை போல நின்றன. பார்ப்பவர் எவரும் மூன்றையும் ஒரே இனம் என்றே எண்ணுவார். ஆனால் வரிக் கணக்கில் முதலாவது வேறு, மற்ற இரண்டும் வேறு.

காப்பீட்டுக்கும் குடும்பப் பாதுகாப்பு நிதிக்கும் போகும் 647 ரூபாய் அவருக்குச் சேர்ந்த வருமானத்திலிருந்து அவருக்காகச் செலவிடப்படுவது. கைக்கு வராவிட்டாலும் அது அவர் வருமானமே. ஓய்வூதியத்தைக் கணக்கிடும்போது அதைக் கழிக்க முடியாது. பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்பவர்கள் காப்பீட்டுத் தொகைக்கு 80டி பிரிவின் கீழ் தனியாகக் கழிவு கோரலாம் என்பது வேறு செய்தி. கம்யூட்டேஷன் பிடித்தமோ அவர் ஏற்கெனவே பெற்றுவிட்ட தொகைக்கு ஈடாக மாத ஓய்வூதியம் குறைந்திருப்பதைக் காட்டும் வரி மட்டுமே. அந்த மொத்தத் தொகை அரசு ஊழியர்களுக்கு 10(10ஏ) பிரிவின்படி முழுமையாக வரிவிலக்குப் பெற்றது. அதற்கு ஈடாகக் குறைந்துபோன 12,000 ரூபாய் அந்த மாதத்தில் அவருக்கு உரிய வருமானமாகவே எழுவதில்லை. ஆகவே அதைக் கழித்த பிறகு வருவதுதான் வரிக்குரிய ஓய்வூதியம்.

இனி அந்த ஆண்டின் கணக்கைப் பாருங்கள். மார்ச் மாத ஓய்வூதியம் ஏப்ரலில்தான் வரவாகிறது என்பதால், 2024 மார்ச் முதல் 2025 பிப்ரவரி வரையிலான பன்னிரண்டு மாதங்களை எடுத்துக்கொண்டேன். முதல் நான்கு மாதங்களின் மொத்தம் மாதத்துக்கு 54,300. அடுத்த எட்டு மாதங்களுக்கு, நிலுவையாக வந்ததையும் சேர்த்து, 55,380. ஆண்டுக்கு 6,60,240 ரூபாய். கம்யூட்டேஷன் 1,44,000 ரூபாயைக் கழித்தால் 5,16,240 ரூபாய். ஆனால் அவருக்கு வந்த படிவம் 16இல் ஓய்வூதியமாகக் காட்டப்பட்டிருந்தது 6,60,240.

அவருக்கு மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் ரூபாய் இருக்கிறது. 8.2 சதவீத வட்டியில் ஆண்டுக்கு 2,46,000 ரூபாய் வருகிறது. சேமிப்புக் கணக்கு வட்டி 4,760 ரூபாய். புதிய வரி முறையில் நிலையான கழிவு 75,000 ரூபாய். சரியான ஓய்வூதியத்தை வைத்துக் கணக்கிட்டால் மொத்த வருமானம் 6,92,000 ரூபாய். அந்த ஆண்டில் 7 லட்சம் வரை 87ஏ பிரிவின் தள்ளுபடி இருந்ததால் வரி ஒரு ரூபாயும் இல்லை. படிவத்தில் கண்ட தொகையை வைத்துக் கணக்கிட்டால் வருமானம் 8,36,000 ஆகி, தள்ளுபடியும் பறிபோய், மேல்வரியோடு சேர்த்து 34,940 ரூபாய் வரி வருகிறது. ஒரு வரி இடம் மாறி நின்றதன் விலை இதுதான்.

“சார், கைக்கு வராத பணத்துக்கு நான் ஏன் வரி கட்டணும்?” என்று அந்த அம்மையார் கேட்டார். தமிழில் பிழை திருத்தியே பழகியவர், பட்டியலின் மீது அடிக்கோலை வைத்து ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே வந்து, 12,000 என்ற எண்ணருகே நிறுத்தினார். அவர் கேள்வி நியாயமானது. ஆனால் அதே நியாயத்தை நம்பி, பாஸ்புத்தகத்தில் வரவான 5,08,476 ரூபாயை மட்டும் வருமானமாகக் காட்டியிருந்தாலும் தவறாகியிருக்கும். அது 7,764 ரூபாய் குறைவு. அவருக்கு உரிய எண் படிவத்தின் தொகைக்கும் பாஸ்புத்தகத்தின் தொகைக்கும் இடையில் இருந்தது.

இதைச் சரிபார்க்க நான் பயன்படுத்தும் வழி எளியது. வங்கியில் வரவான தொகையோடு காப்பீடு, குடும்பப் பாதுகாப்பு நிதி, பிடித்த வரி இருந்தால் அதையும் கூட்ட வேண்டும். வருவது படிவம் 16இன் ஓய்வூதியத் தொகைக்குச் சமமாக இருந்தால் சரி. படிவத்தின் தொகை கூடுதலாக இருந்து, அந்த வேறுபாட்டைப் பன்னிரண்டால் வகுத்தால் கம்யூட்டேஷன் தொகை அப்படியே வருமானால், பிழை எங்கே என்பது தெரிந்துவிடும். அந்த அம்மையாருக்கு வேறுபாடு 1,44,000. பன்னிரண்டால் வகுத்தால் சரியாக 12,000.

ஓய்வூதியர் தாமே வரிக் கணக்கில் தொகையைத் திருத்தித் தாக்கல் செய்யலாமே என்று தாங்கள் கேட்கலாம். செய்யலாம்; நாங்களும் அப்படித்தான் செய்தோம். ஆனால் வருமான வரித் துறையிடம் இருப்பது தாங்கள் காலாண்டு அறிக்கையில் அனுப்பிய எண். ஓய்வூதியர் சரியான எண்ணைக் காட்டும்போது அதுதான் முரண்பாடாகத் தெரிந்து, விளக்கம் கேட்டுக் கடிதம் வருகிறது. எழுபது வயதை நெருங்குபவர் ஓய்வூதிய ஆணையையும் பன்னிரண்டு மாதப் பட்டியல்களையும் தேடியெடுத்து, தாம் பொய் சொல்லவில்லை என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. அலுவலகம் திருத்திய அறிக்கையை அனுப்பினால் அந்தத் தொல்லை எழாது.

2025-26 நிதியாண்டு முதல் புதிய முறையில் தள்ளுபடி வரம்பு 12 லட்சமாக உயர்ந்துவிட்டதால், இவரைப் போன்ற பலருக்கு இப்பிழையால் வரி வராது. ஆயினும் பிழை அப்படியே இருக்கிறது. பெரிய ஓய்வூதியமும் வாடகை அல்லது வட்டி வருமானமும் உள்ள தலைமையாசிரியர்களுக்கும், பழைய முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கும் அது இன்றும் பணமாகவே போகிறது.

எனவே நான் கேட்பது இது. கம்யூட்டேஷன் தொகையைப் பிடித்தங்களின் வரிசையிலிருந்து எடுத்து, அடிப்படை ஓய்வூதியத்தின் நேர்கீழே கழித்துக் காட்டுங்கள்: முழு ஓய்வூதியம் 36,000, கம்யூட்டேஷன் 12,000, குறைக்கப்பட்ட ஓய்வூதியம் 24,000. அதன் பிறகு அகவிலைப்படியையும் மருத்துவப்படியையும் கூட்டி, அதற்கு ‘வரிக்குரிய ஓய்வூதியம்’ என்று பெயரிடுங்கள். காப்பீடும் மற்றவையும் அதற்குக் கீழே வரட்டும். படிவம் 16க்கும் காலாண்டு அறிக்கைக்கும் அந்த எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அதே இடத்தில் கம்யூட்டேஷன் பிடித்தம் முடியும் மாதத்தையும் அச்சிட்டுத் தர வேண்டுகிறேன். பதினைந்து ஆண்டுகள் முடிந்து முழு ஓய்வூதியம் மீண்டும் வரத் தொடங்கும்போது, அந்த 12,000 ரூபாயும் வரிக்குரிய வருமானத்தில் சேர்ந்துவிடும். பழைய பழக்கத்தில் அதைத் தொடர்ந்து கழிப்பவர்கள் அப்போது எதிர்ப்பக்கத்தில் தவறு செய்வார்கள். பெரம்பூர் ஆசிரியைக்கு அந்த ஆண்டு 2037. அதைத் தம் பழைய பட்டியலின் ஓரத்தில் பென்சிலால் அவரே குறித்து வைத்திருக்கிறார்; பட்டியலிலேயே அது அச்சாகி வர வேண்டும்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர்,
சென்னை