ஒடியல் மாவும் ஒரு செய்தியும்: யாழ்ப்பாணத்துச் சிறுதொழில் முயற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

யாழ்ப்பாணத்தில் ஒரு செய்தி மேசையில் இருந்துகொண்டு, நீங்கள் அனுப்பும் மடல்களை நாள்தோறும் வாசிப்பவன் எழுதுகிறேன். உங்கள் மடல்களில் பெரும்பாலானவை பத்திரிகையில் வருவதில்லை. பொருள் நன்றாக இருந்தும் மடலால் அது வெளிவராமல் போவது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது.

சென்ற மாதம் தென்மராட்சியிலிருந்து நான்கு பெண்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சிறு நிறுவனத்தின் மடல் வந்தது. 'பாரம்பரியச் சுவையை நவீன உலகுக்கு எடுத்துச் செல்லும் உன்னத நோக்குடன்' என்று அது தொடங்கியது. இரண்டு பக்கம் வாசித்த பிறகுதான் பொருள் ஒடியல் மா என்பதே தெரிந்தது. ஒடியல் மா நம் சந்தைகளில் எப்போதும் கிடைப்பதுதானே, இதில் புதிது என்ன என்று தொலைபேசியில் கேட்டேன்.

"கூழுக்கு முதல் மாவை ஊறவைக்கத் தேவையில்லை, அண்ணா. அந்த வேலையை நாங்களே முடித்துவிடுகிறோம்" என்றார் ஒருவர்.

செய்தி அதுதான். கூழ் காய்ச்சும் வீட்டில் ஒடியல் மாவின் கயர்ப்புப் போக, நீரில் ஊறவிட்டு, மா அடியில் படிந்ததும் மேல்நீரை வடித்து, மறுபடி நீர் ஊற்ற வேண்டும். வேலைக்குப் போய் வருபவர்கள் கூழைக் கைவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். அதை எளிதாக்கிய விடயம் இரண்டு பக்க மடலில் ஓரிடத்திலும் இல்லை.

தொடர்ந்து கேட்டபோது இன்னும் நல்ல தகவல்கள் வந்தன. ஊறிய மாவை மறுபடி உலர்த்துவதுதான் சிரமமாம். மப்பு நாளில் உலர்த்திய ஒரு தொகுதி புளித்துப்போக, முழுவதையும் கொட்டியிருக்கிறார்கள். ஆகவே வெயில் நன்றாக எறிக்கும் மாசி, பங்குனியில் மட்டும் செய்கிறார்கள். இதை ஏன் எழுதவில்லை என்றேன். குறையாகத் தெரியும் என்று பயந்தார்களாம். எனக்கோ அந்தப் புளித்த மாதான் அவர்கள் சொன்ன மற்றவற்றையும் நம்ப வைத்தது. இந்தப் பொருளைப் பற்றி இப்போதே எழுதவேண்டியதற்கான காரணமும் அதிலேயே இருந்தது.

பிறகு அந்த மடலை இப்படி மாற்றினோம்:

'பொருள்: ஊறவைக்கத் தேவையில்லாத ஒடியல் மா, தென்மராட்சியில் நான்கு பெண்களின் தயாரிப்பு

வணக்கம். ஒடியல் மாவை ஊறவைத்து வடித்துக் கயர்ப்பு நீக்கி, மறுபடி உலர்த்திப் பொதி செய்கிறோம். வாங்குபவர் அதைக் கரைத்து நேரே கூழில் விடலாம். உலர்த்த நல்ல வெயில் வேண்டும் என்பதால் பங்குனியோடு வேலை முடிந்துவிடும். இவ்வருடம் 600 பொதிகள் மட்டுமே. 250 கிராம் 450 ரூபாய். போன வருடத்து மாவை நான்கு மாதம் வைத்துப் பார்த்தோம், கெடவில்லை. வரும் சனிக்கிழமை காலை 7 மணிக்கு அடுத்த தொகுதியை வடிக்கிறோம். வந்து பார்க்கலாம், படம் எடுக்கலாம்.'

கீழே ஒருவரின் பெயரும், அழைத்தால் அவரே எடுக்கும் கைப்பேசி எண்ணும். அவ்வளவுதான்.

முதல் வரைவில் 'ஒரு வருடம் கெடாது' என்று இருந்தது. சோதித்தது நான்கு மாதம் என்பதால் நான்கு மாதம் என்றே எழுதினோம். 'நீரிழிவைக் குணப்படுத்தும்' என்ற வரியையும் எடுத்துவிட்டோம். அப்படி ஒன்றை உரிய ஆய்வுச் சான்று இல்லாமல் எந்தப் பொறுப்பான ஆசிரியரும் அச்சிட மாட்டார். அந்த ஒரு வரியே மற்ற வரிகளையும் சந்தேகிக்க வைத்துவிடும். 'இலங்கையில் முதல்முறையாக' என்பதும் அப்படியே. உங்களால் நிறுவ முடியாது, எங்களாலும் சரிபார்க்க முடியாது.

இன்னொன்றை மன்றாட்டமாகக் கேட்கிறேன். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து அனுப்பாதீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கைப்பேசியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். யுனிகோடில், மின்னஞ்சலின் உடலிலேயே எழுதுங்கள். சுவரொட்டிபோல வடிவமைத்த படத்துக்குள் இருக்கும் எழுத்தை எங்களால் எளிதில் பிரதி எடுக்க முடியாது. புகைப்படம் ஒன்று போதும், ஆனால் நாடா வெட்டும் படம் வேண்டாம். தெளிந்த மேல்நீரைச் சரித்து வடிக்கும் கைகளின் படம் வந்திருந்தால், அன்றே பக்கத்தில் இடம் கேட்டிருப்பேன்.

பதில் வராவிட்டால் இரண்டு நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள். விளம்பரமும் தருகிறோம், செய்தியும் போடுங்கள் என்று மட்டும் சேர்த்து எழுதாதீர்கள். விளம்பரத்துக்கு வேறு மேசை இருக்கிறது. அந்த வரி இருந்தால், நல்ல செய்தியாக இருந்தாலும் அதை எடுத்துக்கொண்டு ஆசிரியரிடம் போக எனக்குத் தயக்கமாக இருக்கும்.

இப்படிக்கு,
செய்தி மேசையிலிருந்து ஒருவன்,
யாழ்ப்பாணம்.