பொங்கல் பானை ஏன் நடுவிலேயே நிற்கிறது?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பொங்கல் வாழ்த்து வேலைகள் வரத் தொடங்கிவிட்டன. "கடை டிவிக்குச் செய்த படத்தையே ஸ்டோரிக்கும் மாற்றிக் கொடுங்க" என்று பலர் கேட்கிறீர்கள். செய்யலாம், ஆனால் படம் வரையத் தொடங்கும்போதே அது தெரிந்திருக்க வேண்டும்.

டிவி படம் 1920 x 1080 பிக்சல். ஸ்டோரி அதையே நிமிர்த்தியது போல 1080 x 1920. படுத்த படத்தை அதன் உயரம் குறையாமல் ஸ்டோரி வடிவத்துக்கு வெட்டினால், அகலத்தில் சுமார் 607 பிக்சல்தான் மிஞ்சும். இடப்பக்கம் பானை, வலப்பக்கம் கரும்பு என்று அழகாகப் பிரித்து வைத்த படத்தில் அப்புறம் மிஞ்சுவது வெறும் சுவர். இழுத்து நீட்டினால் பானை குடமாகிவிடும்.

அதனால் நாங்கள் இப்போது 1920 x 1920 சதுரத்தில் பின்னணியை வரைகிறோம். அதன் நடுவில் குறுக்காக வெட்டினால் டிவி படம், நெடுக்காக வெட்டினால் ஸ்டோரி. இரண்டிலும் தப்பிப் பிழைப்பது நடுவில் உள்ள 1080 x 1080 மட்டும்தான். பானை, பொங்கும் பால், சூரியன் மூன்றும் அதற்குள் அடங்க வேண்டும். திண்ணை, மாடு, வாழைமரம் எல்லாம் பக்கங்களுக்குப் போகும்; ஸ்டோரியில் அவை காணாமல் போனாலும் குறையில்லை. மேலே வானம், கீழே கோலம்.

சூரியனை உச்சியில் வைக்கச் சொல்லி யாராவது கேட்பார்கள். இன்ஸ்டாகிராம் ஸ்டோரியில் மேலே கணக்கின் பெயர் வரும், கீழே பதில் எழுதும் பெட்டி வரும். மேலே 250, கீழே 340 பிக்சலை முக்கியமான எதுவும் இல்லாமல் விடுவது வழக்கம். போன வருடம் ஒரு ஜவுளிக்கடைப் படத்தில் தள்ளுபடி வரியை அடியில் வைத்தது எங்கள் தவறு. கம்ப்யூட்டரில் பளிச்சென்று இருந்தது; போனில் பார்த்தால் பாதி எழுத்து பெட்டிக்குள். இப்போது அந்த இரண்டு பட்டைகளையும் சிவப்பு லேயராகப் போட்டு மூடிவிட்டுத்தான் எழுத்தை வைக்கிறோம். முடிந்ததும் சொந்தக் கணக்கில் ஏற்றி, நீளமான புது போனிலும் குட்டையான பழைய போனிலும் பார்த்துவிட்டு அழிப்போம்.

எழுத்தைப் பின்னணியோடு ஒட்டிவிடுவதும் இல்லை. ஸ்டோரியில் மேல்பட்டைக்கும் நடுச்சதுரத்துக்கும் இடையே 170 பிக்சல் வானம் கிடைக்கிறது. கடைப் பெயர் அங்கே நன்றாக உட்காரும். டிவி படத்தில் அந்த வானம் வெட்டுப்படும் என்பதால், பெயரைப் பக்கத்துத் திண்ணைமேல் நகர்த்துவோம்.

டிவி படத்தில் பானை கொஞ்சம் சிறிதாகத் தெரியும் என்பது உண்மைதான். பெரிதாக வேண்டுமென்றால் பால் பொங்கி வழிவது சதுரத்தைத் தாண்டும், ஸ்டோரியைத் தனியாக வரைய வேண்டிவரும். ஆர்டர் தரும்போதே எங்கெங்கே போடப் போகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். லோகோவை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் டிசைன் கடை