'இன்று 47 டிகிரி' என்று படம் போடும் தம்பிகளுக்கு

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வாட்ஸ்அப் செய்திக் குழுக்கள் நடத்தும் தம்பி, தங்கைகளுக்கு வணக்கம்.

சித்திரை பிறந்தால் உங்கள் குழுக்களில் ஒரே மாதிரிப் படம் வரத் தொடங்கிவிடுகிறது. கார் டேஷ்போர்டில் 46 அல்லது 47 என்று ஓர் எண். அதன் கீழே "தர்மபுரியில் இன்று 47 டிகிரி" என்று ஒரு வரி. மாலையில் வானிலைத் துறை 39 என்று சொன்னதும் கோபம் கிளம்புகிறது: "நிழல்ல வச்சு அளந்து குறைச்சுச் சொல்றாங்க." இயற்பியல் பாடம் நடத்தியே காலத்தைக் கழித்தவன் நான். இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

நிழலில் வைத்துத்தான் அளக்கிறார்கள், அது உண்மை. ஆனால் குறைத்துச் சொல்வதற்காக அல்ல. ஏன் என்பதை என் மாணவர்களுக்குக் கண்ணெதிரே காட்டியிருக்கிறேன். ஒரே பெட்டியில் வந்த மூன்று வெப்பமானிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றின் குமிழில் கறுப்பு நூலைச் சுற்றி வெயிலில் வைப்போம். இன்னொன்றை அப்படியே வெயிலில் வைப்போம். மூன்றாவதை, தச்சர் செய்துகொடுத்த வெள்ளைப் பெட்டிக்குள் தொங்கவிடுவோம். ஒரு நாள் மதியம் இரண்டு மணிக்குக் கறுப்பு நூல் சுற்றியது 54 காட்டியது, சும்மா வெயிலில் இருந்தது 47, பெட்டிக்குள் இருந்தது 38. காற்று மூன்றுக்கும் ஒன்றுதான். ஒரு வீச்சுக் காற்று அடித்தபோது வெயிலில் இருந்த இரண்டும் சட்டென்று இறங்கின. காற்று நின்றதும் மறுபடி ஏறின. பெட்டிக்குள் இருந்தது அசையவே இல்லை. வெயில் நேராக விழுந்தால் வெப்பமானி தான் எவ்வளவு சூடேறியது என்பதைத்தான் சொல்லும். தன்னைச் சுற்றியுள்ள காற்றின் சூட்டைச் சொல்லாது. குமிழின் நிறம் மாறினாலே எண் மாறிவிடும் என்றால், அதை வைத்துத் தர்மபுரியையும் சேலத்தையும் எப்படி ஒப்பிடுவது? இந்த வருஷத்தையும் முப்பது வருஷத்துக்கு முந்தைய கோடையையும் எப்படி ஒப்பிடுவது?

வானிலை நிலையங்களில் இருக்கும் அந்தப் பெட்டிக்கு ஸ்டீவன்சன் திரை என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஸ்டீவன்சன் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர் வடிவமைத்தது. நாலு பக்கமும் சரிந்த பலகைகள் இரண்டு அடுக்காக இருக்கும். காற்று உள்ளே புகும், வெயில் புகாது. மேல்கூரையும் இரட்டை. முழுக்க வெள்ளைப் பெயிண்ட். தரையின் அனல் நேரடியாகத் தாக்காதபடி, குமிழ்கள் ஏறக்குறைய நாலடி உயரத்தில் நிற்கும். கட்டடம், மரம், தார் ரோடு எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது. கீழே மண்ணோ புல்லோ இருக்க வேண்டும். "ஏசி ரூமில் அளக்கிறார்கள்" என்று எழுதுகிறீர்களே, இது திறந்த வெளியில், மதிய வெயிலுக்கு நடுவே நிற்கிற பெட்டி.

கதவு வடக்குப் பார்த்து இருக்கும், திறக்கும்போது குமிழில் வெயில் படாமலிருக்க. நம் ஊர் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், 12 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் சித்திரை பத்தாம் தேதி வாக்கிலிருந்து ஆவணித் தொடக்கம் வரை சூரியன் கொஞ்சம் வடக்கே சாய்ந்து போகும். அதனால் இங்கே கதவைத் திறந்தவர் சட்டென்று படித்துவிட்டு மூட வேண்டும். மூச்சுக்காற்றும் உடம்புச் சூடும் போதும், எண் ஏறிவிட. பெட்டிக்கும் ஒரு குறை உண்டு. காற்றே இல்லாத உச்சி வெயிலில் பலகைகள் சூடாகி, உள்ளே ஒரு டிகிரி வரை கூடக் காட்டலாம். கூடத்தான் காட்டும், குறையாது.

அன்றைய உச்சத்தைப் பிடிக்கத் தனி வெப்பமானி இருக்கிறது. காய்ச்சல் பார்ப்பதைப் போலக் குழாயின் கழுத்து ஒடுங்கியிருக்கும். ஏறிய பாதரசம் தானாக இறங்காது. எத்தனை மணிக்கு உச்சம் வந்திருந்தாலும் மாலையில் வந்து படித்துக்கொள்ளலாம். இப்போது பல இடங்களில் தானியங்கிக் கருவி வந்துவிட்டது. அதிலும் உணரியை மூடி வெள்ளைத் தட்டுகளை அடுக்கியிருப்பார்கள். சூத்திரம் அதேதான்.

இனி உங்கள் கார். அதன் உணரி பெரும்பாலும் முன் பம்பருக்குப் பின்னால், தரையிலிருந்து ஓரடி, ஒன்றரை அடி உயரத்தில் ஒளிந்திருக்கும். மேலே சூடான எஞ்சின், கீழே கொதிக்கும் தார். போன வைகாசியில் தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் மொட்டை வெயிலில் இரண்டு மணி நேரம் நின்ற காரை மூன்று மணிக்கு எடுத்தேன். காட்டியது 46. டவுனுக்குள் ஊர்ந்தபோது 45. கிருஷ்ணகிரி ரோட்டில் ஏறி 70 கிலோமீட்டர் வேகம் பிடித்ததும் 43, 41 என்று இறங்கி, பத்து நிமிஷத்தில் 39க்கு வந்தது. அதற்குக் கீழே போகவில்லை. டீ குடிக்க நிறுத்தி, இருபது நிமிஷம் கழித்து எடுத்தால் 43. ஊர் மாறவில்லை, வெயில் கூடவில்லை. எஞ்சின் சூடு உணரியில் ஏறியிருக்கிறது. காரிமங்கலத்தில் வீட்டுக்கு வந்து என் பெட்டியைத் திறந்தேன்: 38. ஆகவே காரை நம்ப வேண்டுமானால், நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்போது எண் இறங்கி நிலைத்தபின் பாருங்கள். அப்போதும் தார் ரோட்டின் சூடு ஒன்றிரண்டு டிகிரி சேர்ந்தேயிருக்கும்.

போன் ஆப் வேறு கதை. போன் காற்றை அளப்பதே இல்லை. பூமியைக் கட்டங்களாகப் பிரித்துக் கணினி போட்ட கணக்கிலிருந்து, உங்கள் கட்டத்துக்கு உரிய எண்ணைக் காட்டுகிறது. ஒரு கட்டம் பத்து, இருபது கிலோமீட்டர் அகலம் கூட இருக்கலாம். அதற்குள் மேடு பள்ளத்தைச் சராசரியாக்கி ஒரே உயரம் போட்டுவிடுவார்கள். கிருஷ்ணகிரியை விட ஓசூர் ஏறக்குறைய 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. அப்படியானால் இரண்டு ஊருக்கும் இரண்டரை டிகிரி வித்தியாசம். இடையில் ஏற்றம் ஏறும் ரோட்டோரக் கிராமத்தில் நின்று பார்த்தால் ஆப் எந்தப் பக்கமும் தவறலாம். சில ஆப்கள் ஈரப்பதத்தையும் சேர்த்து 'உணரும் வெப்பம்' என்று தனியாக ஓர் எண் தரும். அதையும் வெப்பநிலை என்று படம் எடுத்துப் போடுகிறீர்கள்.

வெயிலில் வேலை செய்கிறவர் உடம்புக்கு நிழல் கணக்கைவிடச் சூடு அதிகம்தான். அதை யாரும் மறுக்கவில்லை. எச்சரிக்கை எல்லைகளே நிழல் எண்ணை வைத்துத்தான் போடப்பட்டிருக்கின்றன: நம்மைப் போன்ற சமவெளியில் நிழலில் 40 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட நாலரை டிகிரியாவது கூடியிருந்தால் வெப்ப அலை. போன கோடையில் 41 வரை போகும் என்று அறிவிப்பு வந்த அன்று, தோப்பில் மாங்காய் பறிக்க வந்த பையனை மதியம் உட்காரச் சொன்னேன். "போன வாரம் 47லயே பறிச்சோம் சார், 41 என்ன பண்ணும்?" என்றான். அந்த 47ஐ அவன் பார்த்தது உங்கள் குழுவில்தான். மூன்று மணிக்குத் தலை சுற்றி மரத்தடியில் படுத்துவிட்டான். தண்ணீர் தெளித்து, மோர் கொடுத்து எழுப்பினோம்.

உங்களிடம் கேட்பது இதுதான். காரின் எண்ணைப் போடுவதென்றால், "வெயிலில் நின்ற காரில்" என்ற வார்த்தையையும் சேர்த்துப் போடுங்கள். அன்றைய வெப்பநிலை என்று எழுதுவதென்றால், மாலையில் வரும் வானிலைத் துறை எண்ணுக்குக் காத்திருங்கள். சந்தேகம் இருப்பவர்கள் எந்த நாளும் மதியம் இரண்டு மணிக்கு வாருங்கள். கறுப்பு நூல் சுற்றிய வெப்பமானியும் பெட்டியும் என் வீட்டு வாசலில்தான் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
காரிமங்கலம்